ஒரு கைநீளத்தில் மாறும் முகம்

குளித்து முடித்த பிறகு ஆவி படிந்து மங்கியிருக்கும் கண்ணாடியின் முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதில் தெரியும் உங்கள் முகத்தின் ஓரக்கோட்டை விரலால் வரைந்து பாருங்கள். உச்சி நெற்றியிலிருந்து முகவாய் வரை வரைந்துவிட்டு, அந்தக் கோட்டின் நீளத்தை அளந்தால் திகைப்பாக இருக்கும். உங்கள் முகம் 22 செ.மீ. நீளம் என்றால், கண்ணாடியில் வரைந்த முகம் 11 செ.மீ.தான் இருக்கும். இரண்டடி பின்னால் போய் வரைந்தாலும் அதே பாதி அளவுதான். மூக்கு இடிக்கும்படி நெருங்கி வந்து வரைந்தாலும் அதே பாதிதான்.

காரணம் எளிது. கண்ணாடியில் தெரியும் முகம் கண்ணாடியின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் எவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறீர்களோ, அவ்வளவு தூரம் அது கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. உங்கள் கண்ணுக்கும் அந்தப் பிம்பத்துக்கும் நடுவழியில்தான் கண்ணாடி இருக்கிறது. அதனால்தான் ஓரக்கோடு எப்போதும் பாதி அளவு. 40 செ.மீ. தள்ளி நின்று தலை வாரிக்கொள்ளும்போது, உண்மையில் 80 செ.மீ. தூரத்தில் நிற்கும் ஒரு முகத்தைப் பார்த்துத்தான் வாரிக்கொள்கிறீர்கள்.

போட்டோவில் நம் முகம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்ற கேள்விக்கான பாதி விடை இந்த இரட்டிப்புத் தூரத்திலேயே இருக்கிறது. ஏனென்றால் ஃபோன் கேமராவுக்கு இந்த இரட்டிப்பு கிடையாது. 40 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அது 40 செ.மீ. தூரத்திலிருந்துதான் உங்களைப் பார்க்கிறது.

அதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெரியவர் ஒருவரின் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே, முன்னிருந்து பின்னாக, சுமார் 12 செ.மீ. ஆழம் இருக்கும். கேமராவை மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால், மூக்கு 30 செ.மீ. தூரத்திலும் காது 42 செ.மீ. தூரத்திலும் இருக்கும். எந்தப் பொருளும் தூரம் கூடக்கூட அதே விகிதத்தில் சிறிதாகத் தெரியும். ஆகவே இந்தப் படத்தில் காதோடு ஒப்பிட, மூக்கு 42-ஐ 30-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். இப்போது அதே கேமராவை 1.5 மீட்டருக்குத் தள்ளி வையுங்கள். மூக்கு 150 செ.மீ., காது 162 செ.மீ. வித்தியாசம் வெறும் 1.08 மடங்குதான். கண்ணாடியின் முன்னால் நீங்கள் வழக்கமாகக் காணும் 80 செ.மீ. தூரத்து முகத்தில் அது 1.15.

மூக்கும் அதேதான், காதும் அதேதான். ஆனால் 30 செ.மீ. படத்தில் மூக்கு 40 சதவீதம் முந்திக்கொண்டு நிற்கிறது. கூடவே கன்னங்கள் பின்வாங்கி ஒடுங்குகின்றன, காதுகள் கன்னத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொள்கின்றன, கேமராவுக்கு அருகே வரும் நெற்றியோ முகவாயோ நீள்கிறது. கேமராவை மேலிருந்து சாய்த்துப் பிடித்தால் நெற்றியும் கண்ணும் பெரிதாகி முகவாய் கூம்புகிறது. கீழிருந்து பிடித்தால் முகவாய் பெருத்து நெற்றி சுருங்குகிறது. வீடியோ அழைப்பில் ஃபோனை மடியில் சாய்த்து வைத்துப் பேசும் பெரியவர்களின் முகம் கழுத்தும் மோவாயுமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கணக்கை முறையாகச் செய்து காட்டியவர்களில் ஒருவர் போரிஸ் பாஸ்கோவர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். மூக்கு பெரிதாக இருக்கிறது என்று குறைப்பட்டு, ஆதாரமாகத் தாங்கள் எடுத்த செல்ஃபியையே காட்டும் ஆட்கள் அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். அவரும் கணினி வரைகலை ஆய்வாளர் ஓஹத் ஃபிரீட் உள்ளிட்டவர்களும் சேர்ந்து, முகத்தின் சராசரி அளவுகளை வைத்து ஒரு கணித மாதிரியை உருவாக்கி 2018-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், கன்ன எலும்புகளின் அகலத்தோடு ஒப்பிட்டால் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும்; 5 அடி தூரத்தில் அந்த மிகை ஏறக்குறைய மறைந்துவிடும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. அவர்கள் காதுக்குப் பதில் கன்ன எலும்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டதால்தான் அவர்களுடைய 30-க்கும் மேலே நாம் போட்ட 40-க்கும் வித்தியாசம். கணக்கின் வழி ஒன்றே.

இங்கே பரவலாக உலவும் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். 'அகன்ற கோண லென்ஸ் முகத்தைக் கெடுக்கிறது, 85 மி.மீ. லென்ஸ் முகத்தை அழகாக்குகிறது' என்று போட்டோ எடுப்பவர்கள் பலர் சொல்வதுண்டு. முகத்தின் விகிதத்தைப் பொறுத்தவரை லென்ஸுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. ஒரே இடத்தில் நின்று 24 மி.மீ. லென்ஸில் ஒரு படமும் 85 மி.மீ. லென்ஸில் ஒரு படமும் எடுங்கள். முதல் படத்தின் நடுவிலிருக்கும் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினால், இரண்டிலும் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் அச்சாக ஒன்றுபோல இருக்கும். விகிதத்தைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமே. லென்ஸ் செய்வது வேறு வேலை: நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. 85 மி.மீ. லென்ஸில் முகமும் தோளும் அடங்க வேண்டுமென்றால் போட்டோகிராஃபர் ஒன்றரை இரண்டு மீட்டர் பின்னால் போயே தீர வேண்டும். ஃபோனின் அகன்ற லென்ஸிலோ முகம் திரையை நிறைக்க வேண்டுமென்றால் கிட்டே போயாக வேண்டும். கை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் செல்ஃபியின் தூரம்.

லென்ஸின் மேல் நியாயமாகவே பழிபோடக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது படத்தின் ஓரம். தட்டையான சென்சார்மேல் அகன்ற காட்சியைப் பரப்பும்போது, ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருள்கள் வெளிப்பக்கமாக இழுபடும். 24 மி.மீ.க்கு ஈடான ஃபோன் லென்ஸில் ஃபோனைக் கிடையாகப் பிடித்தால், வலது, இடது ஓரங்களில் இந்த இழுவை சுமார் கால் பங்கு. கல்யாண வீட்டில் எடுக்கும் கூட்டப் படத்தில் நடுவில் நிற்கும் மணமக்கள் நன்றாக இருக்க, கடைசியில் நிற்கும் சித்தப்பாவின் தலை மட்டும் பக்கவாட்டில் அகன்று தெரிந்தால் காரணம் இதுதான். சில ஃபோன்கள் இதை மென்பொருளால் திருத்துகின்றன. திருத்தாத ஃபோனில், பத்தடி பின்னால் போய் எல்லாரையும் நடுப்பகுதியில் அடக்கிவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டிவிடலாம்.

தூரக் கணக்கில் ஒரு முடிச்சு பாக்கியிருக்கிறது. சிலருக்குக் கண்ணாடியின் முன்னால் 15 செ.மீ. வரை நெருங்கி மை தீட்டும் வழக்கம் உண்டு. அப்போது பிம்பம் 30 செ.மீ.யில் இருக்கிறது, செல்ஃபி தூரம்தான். ஆனால் மூக்கு பெருத்துத் தெரிவதில்லையே, ஏன்?

இரண்டு கண்ணும் திறந்து ஒரு நிஜப் பொருளைப் பார்க்கும்போது மூக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, காது எவ்வளவு பின்னால் இருக்கிறது என்ற ஆழம் மூளைக்குத் தெரிகிறது. தலையை லேசாக அசைத்தாலும் அது தெரிகிறது. 'மூக்கு கிட்டே இருக்கிறது, அதனால்தான் பெரிதாகத் தெரிகிறது' என்று மூளை தானாகவே கழித்துக்கொள்கிறது. தட்டையான படத்தில் அந்த ஆழம் இல்லை. அதைவிட முக்கியமான காரணம், படத்தை நாம் தவறான தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்பது. 30 செ.மீ.யில் எடுத்த செல்ஃபியில் 22 செ.மீ. முகம் ஃபோன் திரையில் 8 செ.மீ.யாகச் சுருங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா பார்த்த அதே கோணத்தில் உங்கள் கண்ணும் பார்க்க வேண்டுமென்றால், ஃபோனைக் கண்ணிலிருந்து வெறும் 11 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. 30 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் அவ்வளவு சிறிதாகத் தெரியும் முகம், நிஜத்தில் முக்கால் மீட்டருக்கும் மேலே தள்ளி நிற்கும் ஒருவருடையதாக இருக்க வேண்டும். அப்படித் தள்ளி நிற்பவருக்கு மூக்கு இத்தனை பெரிதாகத் தெரியக் கூடாது. தெரிகிறது. ஆகவே இவருக்கு மூக்கே பெரிது என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது.

வீட்டில் பெரிய டிவி இருந்தால் இதைச் சோதிக்கலாம். அந்தச் செல்ஃபியை டிவியில் போட்டு, முகம் நிஜ அளவுக்கு வரும்வரை பெரிதாக்குங்கள். தள்ளி உட்கார்ந்து பார்த்தால் மூக்கு பெருத்தே இருக்கும். திரையின் முன்னால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்கு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சரியாக மூக்குக்கு நேரே நின்று பாருங்கள். முகம் தன் இயல்பான விகிதத்துக்குத் திரும்பும்.

இதையெல்லாம் சரிசெய்து, 5 அடி தள்ளி நின்று எடுத்த படத்திலும் 'இது நான் இல்லை' என்ற உறுத்தல் பலருக்குப் போவதில்லை. அதற்குக் காரணம் தூரம் இல்லை, பக்கம்.

எந்த மனித முகமும் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு புருவம் சற்றே ஏறியிருக்கும். மூக்குத் தண்டு மயிரிழை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சிரிக்கும்போது வாயின் ஒரு மூலை முதலில் மேலே போகும். இதோடு நாமாகச் சேர்த்துக்கொள்ளும் வித்தியாசங்களும் உண்டு: ஒரு பக்கமாக எடுத்த வகிடு, ஒற்றை மூக்குத்தி, இடது தோளில் விழும் முந்தானை. உங்கள் வலப்பக்க மூக்குத்தி கண்ணாடியில் உங்கள் வலக்கைப் பக்கமே மின்னும். எதிரே நிற்கும் கேமராவுக்கும் மனிதர்களுக்கும் அது இடக்கைப் பக்கம் தெரியும். பிறந்ததிலிருந்து நீங்கள் பழகிய உங்கள் முகம் முதல் வகை. மற்ற எல்லாரும் பழகிய உங்கள் முகம் இரண்டாவது வகை.

இந்த வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரிவதுதான் உறுத்தலைக் கூட்டுகிறது. உங்கள் மூக்கு நுனி முகத்தின் நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. வலப்பக்கம் விலகியிருக்கிறது என்று வையுங்கள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, அந்த விலகல் உங்களுக்கு 'நடு'வாகவே ஆகிவிட்டது. படத்தில் அது மறுபக்கம் 2 மி.மீ. போய்விடுகிறது. நீங்கள் பழகிய இடத்திலிருந்து கணக்கிட்டால் 4 மி.மீ. இடமாற்றம். மற்றவர் யாருக்கும் தெரியாத கோணல் உங்களுக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1977-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவிகளைப் படமெடுத்து, ஒரே நெகட்டிவிலிருந்து நேர்ப்படம் ஒன்றும் பக்கம் மாற்றிய படம் ஒன்றும் போட்டு, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பக்கம் மாறியதை, அதாவது கண்ணாடியில் தெரிவதைப் போன்றதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய நெருங்கிய தோழிகளோ நேர்ப்படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிக்கடி கண்டது பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் சொன்ன கருத்துக்கு இது நல்ல சான்றானது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அந்தத் தோழிகளின் பதில்தான். உங்களுக்குப் பிடிக்காத அதே படம், உங்களை நேசிப்பவர்களுக்குப் பழகிய முகம்.

கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்த ஓவியர்களின் படங்களிலும் இந்தப் பக்க மாற்றம் பதிந்திருக்கிறது. வின்சென்ட் வான் கோ 1888 டிசம்பரில் அறுத்துக்கொண்டது தன் இடது காதை. 1889 ஜனவரியில் கட்டோடு அவர் வரைந்த, இப்போது லண்டன் கோர்ட்டால்டில் இருக்கும் தன்னுருவப் படத்திலோ கட்டு வலது காதில் இருக்கிறது. அவர் கண்ணாடியில் கண்டதைக் கண்டபடியே வரைந்திருக்கிறார்.

செல்ஃபி எடுக்கும்போது இந்த அதிர்ச்சி ஒரே நொடியில் நிகழ்கிறது. ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்திருக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடிப் பிம்பம். அப்படிக் காட்டாவிட்டால், தலையை ஒரு பக்கம் சாய்க்க முயலும்போது படம் எதிர்ப்பக்கம் சாய்ந்து நம்மைக் குழப்பிவிடும். ஆனால் பல ஃபோன்கள் படத்தைச் சேமிக்கும்போது நேராக்கிவிடுகின்றன. திரையில் அழகாக இருந்த முகம் கேலரியில் திறந்ததும் கோணிக்கொள்வது அதனால்தான். ஐஃபோனில் Settings > Camera > Mirror Front Camera என்ற இடத்திலும், சாம்சங் ஃபோன்களில் கேமரா அமைப்புகளில் Save selfies as previewed என்ற இடத்திலும் இதை மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய ஃபோன் எப்படிச் சேமிக்கிறது என்று தெரியவில்லையா? எழுத்துள்ள சட்டை அணிந்து ஒரு செல்ஃபி எடுங்கள். எழுத்து நேராக வாசிக்க முடிந்தால் படம் நேர். ஆண்களின் சட்டைப் பை வலப்பக்க மார்பிலோ, சேலை முந்தானை வலது தோளிலோ இருப்பதுபோலத் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது. வீடியோ அழைப்பிலும் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும்தான் கண்ணாடிப் பிம்பம். எதிர்முனையில் இருப்பவர் உங்களை நேராகவே பார்க்கிறார்.

மற்றவர்கள் காணும் முகத்தைப் போட்டோ இல்லாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளைச் சுவர் மூலைபோலச் செங்கோணமாகச் சேர்த்து, அந்த இணைப்புக் கோட்டுக்கு நேரே நில்லுங்கள். ஒளி இரண்டு முறை திரும்புவதால் பக்கம் மாறி மாறி நேராகிவிடும். வலக்கையைத் தூக்கினால், எதிரே நிற்கும் ஒருவர் தன் வலக்கையைத் தூக்கியதுபோலத் தெரியும். துணிக்கடை டிரையல் ரூம் மூலையிலோ, பக்கக் கதவுகள் மடங்கும் டிரெஸ்ஸிங் டேபிளிலோ இதைப் பார்க்கலாம். தூரமும் வெளிச்சமும் மாறாமல் பக்கம் மட்டும் மாறும் என்பதால், உங்கள் உறுத்தலில் எவ்வளவு பங்கு பக்கத்தைச் சேர்ந்தது என்று பிரித்தறிய இதைவிட நல்ல சோதனை இல்லை.

வெளிச்சமும் அசைவும் தம் பங்குக்குச் சிலது செய்கின்றன. கண்ணாடியின் முன்னால் நாம் தெரியாமலே நமக்குப் பிடித்த கோணத்துக்குத் திரும்பி, பிடித்த முகபாவத்தை வைத்துக்கொள்கிறோம். கேமரா, பேச்சுக்கும் சிரிப்புக்கும் இடையே நூறில் ஒரு நொடியை வெட்டியெடுத்துக்கொள்கிறது. தலைக்கு மேலே ஒற்றை விளக்கு இருந்தால் கண்குழிகளில் நிழல் தேங்குகிறது. ஆனால் இவையெல்லாம் படத்துக்குப் படம் மாறுபவை. தூரமும் பக்கமும் எல்லாப் படத்திலும் இருப்பவை.

அப்படியானால் எது நிஜ முகம்? ஒரே விடை கிடையாது. மிகவும் தள்ளிப் போனாலும் முகம் மாறுகிறது. 10 மீட்டர் தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால் முகம் தட்டையாகி, காதுகள் விரிந்து, முகம் அகன்று தெரியும். எல்லாத் தூரத்து முகங்களும் நிஜம்தான். ஆனால் நம்மோடு பழகுபவர்கள் நம்மைப் பார்ப்பது பெரும்பாலும் பேசும் தூரத்திலிருந்து, அதாவது ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள். மற்றவர் காணும் முகம் வேண்டுமென்றால் அந்தத் தூரத்தில், நேர்ப்படமாக எடுத்ததே அதற்கு மிக நெருங்கியது என்பது என் முடிவு.

இதை அலட்சியம் செய்ய முடியாது என்பதற்கு இன்னொரு ஆய்வு இருக்கிறது. கலிபோர்னியாவின் கால்டெக்கில் பிரையன், பெரோனா, அடால்ஃப்ஸ் ஆகியோர் 2012-ல் வெளியிட்டது. ஒரே ஆட்களைச் சுமார் 45 செ.மீ. தூரத்திலும் சுமார் 135 செ.மீ. தூரத்திலும் படமெடுத்து, முகம் ஒரே அளவில் வரும்படி செய்து, அவர்களை அறியாதவர்களிடம் காட்டினார்கள். கிட்டே எடுத்த முகங்களுக்கு நம்பகத்தன்மையிலும் திறமையிலும் அழகிலும் குறைவான மதிப்பெண் விழுந்தது. வேலைக்கு அனுப்பும் படமும் வரன் பார்க்க அனுப்பும் படமும் செல்ஃபியாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். ஃபோனை இன்னொருவரிடம் கொடுத்து ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பின்பக்க கேமராவில் 2x அல்லது 3x வைத்து, கண்மட்டத்தில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் ஃபோனை அலமாரியில் சாய்த்து, டைமர் போட்டு, எடுத்த படத்தை வெட்டிக்கொள்ளுங்கள். முகம் படத்தின் நடுவில் இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் முன்னால் இருந்து விழட்டும்.

மூக்கையோ தாடையையோ அறுவை சிகிச்சையால் மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு, குறிப்பாகப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும், ஒரு வேண்டுகோள். செல்ஃபியை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் முன் 5 அடி தூரத்திலிருந்து நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.